மூன்று பிரதியா, ஆறு துண்டா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது வருடங்களுக்கு முன்பு லேத் ஓடிய தெருக்களில் இன்று ஜன்னலே இல்லாத பெரிய கட்டிடங்கள் நிற்கின்றன. என்டிடி, எஸ்டிடி ஜிடிசி, டிஜிட்டல் கனெக்ஷன் என்று பெரிய பெயர்கள் இங்கே டேட்டா சென்டர் வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், கூண்டு ஒன்றையோ நாலைந்து ரேக்குகளையோ வாடகைக்கு எடுத்து, மற்றவர்களின் கோப்புகளைப் பாதுகாத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனங்களும் இருக்கின்றன. என் பிழைப்பு அப்படியொரு நிறுவனத்தில்தான். ஸ்கேன் சென்டர்களின் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்கள், நிதி நிறுவனங்களின் கடன் பத்திரங்கள், சிசிடிவி பதிவுகள் ஆகியவைதான் எங்களிடம் வரும் சரக்கு. எழுதினால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஆனால் கேட்ட அன்றைக்கு இருந்தாக வேண்டும்.

வாடிக்கையாளர் முதலில் கேட்பது விலை. அடுத்து கேட்பது, "அமேசான்ல பதினொரு ஒன்பது சொல்றாங்களே, உங்ககிட்ட எத்தனை ஒன்பது?" என்பது. அமேசான் தன் எஸ்3 சேவை 99.999999999% நீடிப்புக்காக வடிவமைக்கப்பட்டது என்கிறது. ஒரு கோடி கோப்புகளை வைத்திருந்தால் சராசரியாகப் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று தொலையலாம் என்று அதை அவர்களே விளக்கியும் இருக்கிறார்கள். இந்த எண் டிஸ்கின் தரத்திலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். டிஸ்க் எல்லோருக்கும் ஒன்றுதான், அவர்களுடையதும் சாகும், எங்களுடையதும் சாகும். செத்ததற்குப் பதில் எவ்வளவு சீக்கிரம் வேறொன்று உருவாகிறது, எந்த இடத்தில் உருவாகிறது என்பதில்தான் அந்த ஒன்பதுகள் இருக்கின்றன. முழுப் பிரதிகளாக வைப்பதா, துண்டுகளாக உடைத்து வைப்பதா என்ற கேள்வியையும் இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

முழுப் பிரதி யாருக்கும் புரியும். ஒரு கோப்பை மூன்று வெவ்வேறு சர்வர்களில் அப்படியே எழுதுகிறோம். இரண்டு போனாலும் மூன்றாவது இருக்கிறது. 100 டிபி வைக்க 300 டிபி டிஸ்க் வாங்க வேண்டும் என்பதுதான் அதன் சிக்கல். டிஸ்க் விலை, ரேக் வாடகை, கரண்ட் பில் மூன்றுமே அந்த 300-க்குத்தான் கட்ட வேண்டும்.

துண்டு போடும் முறைக்கு இரேஷர் கோடிங் என்று பெயர். இதன் கணக்கை 1960-லேயே எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் ரீட், சாலமன் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் காகிதத்தில் இப்படிப் போட்டுக் காட்டுவேன். கோப்பு 7, 2, 5 என்று மூன்று எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு எண்களைக் கணக்கிட்டு எழுதுகிறோம். ஒன்று வெறும் கூட்டல்: 7+2+5=14. மற்றொன்று, முதல் எண்ணை ஒன்றாலும் இரண்டாவதை இரண்டாலும் மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டுவது: 7+4+15=26. ஐந்து எண்களும் ஐந்து சர்வர்களுக்குப் போகின்றன. இப்போது 7-உம் 5-உம் இருந்த சர்வர்கள் இரண்டும் போய்விட்டன. கையில் இருப்பது 2, 14, 26. முதல் கூட்டலிலிருந்து, தொலைந்த இரண்டின் கூட்டுத்தொகை 12. இரண்டாவதில் 4-ஐக் கழித்தால், முதல் எண்ணும் மூன்றாவதன் மும்மடங்கும் சேர்ந்து 22. 22-இல் 12-ஐக் கழித்தால் 10, அது மூன்றாவதன் இரு மடங்கு. எனவே மூன்றாவது 5, முதலாவது 7. ஐந்தில் எந்த இரண்டைத் தூக்கினாலும் மீட்டுவிடலாம். உண்மையான முறையில் கூட்டல் பெருக்கல் எல்லாம் ஒரு பைட்டுக்குள்ளேயே அடங்குகிற தனிக் கணிதத்தில் நடக்கும். அதனால் எண்கள் வளர்ந்துகொண்டே போகாது. மற்றபடி விஷயம் இதுதான்.

எங்கள் தொழிலில் இதை 4+2, 8+3 என்று எழுதுவோம். 4+2 என்றால் கோப்பை நாலு துண்டாக்கி இரண்டு பாரிட்டி சேர்ப்பது, மொத்தம் ஆறு. எந்த நாலு கிடைத்தாலும் கோப்பு முழுதாக வந்துவிடும். 100 டிபிக்கு 150 டிபி போதும். மூன்று பிரதியும் இரண்டு இழப்பைத் தாங்குகிறது, இதுவும் இரண்டு இழப்பைத் தாங்குகிறது, ஆனால் டிஸ்க் பாதிதான். அப்படியென்றால் பிரதியே எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றும். எங்களோடு இருக்கும் தம்பி ஒருவரும் இதைத்தான் கேட்டார்: "அண்ணா, ரெண்டுமே ரெண்டு டிஸ்க்தான தாங்குது, பாதுகாப்பு சமம்தான?"

சமமில்லை. வருடத்துக்கு நூற்றில் இரண்டு டிஸ்க் சாகிறது என்றும், செத்ததன் சரக்கை மீட்க ஒரு நாள் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு டிஸ்க் குறிப்பிட்ட ஒரு நாளில் சாக வாய்ப்பு ஏறத்தாழ பதினெட்டாயிரத்தில் ஒன்று. கோப்பு தொலைய வேண்டுமானால் ஒரு டிஸ்க் சாக வேண்டும், அது மீளும் முன்பு அதே குழுவில் இன்னொன்று சாக வேண்டும், அதுவும் மீளும் முன்பு மூன்றாவதும் சாக வேண்டும். மூன்று பிரதியில் முதலில் சாக மூன்று பேர் இருக்கிறார்கள், அடுத்ததற்கு இரண்டு பேர், கடைசிக்கு ஒருவர். 4+2-இல் முதலில் ஆறு பேர், அடுத்து ஐந்து, பிறகு நாலு. ஒன்றில் 3×2×1=6, மற்றொன்றில் 6×5×4=120. இருபது மடங்கு வித்தியாசம். முழுதாகப் பெருக்கிப் பார்த்தால், ஒரு வருடத்தில் ஒரு குழு தொலையும் வாய்ப்பு மூன்று பிரதிக்கு சுமார் 280 கோடியில் ஒன்று, 4+2-க்கு சுமார் 14 கோடியில் ஒன்று. பாரிட்டியை ஒன்று கூட்டி 8+3 ஆக்கினால் சுமார் 3,800 கோடியில் ஒன்று. 100 டிபிக்கு 137.5 டிபிதான் செலவு, பாதுகாப்போ மூன்று பிரதியைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பெரிய நிறுவனங்கள் எல்லாம் துண்டுக்குப் போனதன் காரணம் இந்த ஒரு வரிக் கணக்குதான்.

ஆனால் அந்த "ஒரு நாள்" என்பதைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். 8+3-இல் ஒரு துண்டு போனால் அதை மீட்க எட்டுத் துண்டுகளைப் படிக்க வேண்டும். பிரதியில் ஒன்றைப் படித்து ஒன்றை எழுதினால் முடிந்தது. 8 டிபி டிஸ்கில் ஐந்து டிபி சரக்கு இருந்தது என்றால், பிரதியில் நெட்வொர்க் வழியாகப் படிப்பது ஐந்து டிபி, 8+3-இல் நாற்பது டிபி. பகலில் வாடிக்கையாளர் வேலை பாதிக்கக் கூடாது என்று மீட்பு வேகத்தை நாமே குறைத்து வைப்பதும் உண்டு. அப்படி ஒரு நாள் நாலு நாளானால், மூன்று முறை பெருக்க வேண்டிய இடத்தில் மூன்று முறையும் நாலு நாலாகப் பெருகும். 64 மடங்கு. 3,800 கோடியில் ஒன்று என்றது 60 கோடியில் ஒன்றாகி, ஒரு நாளில் மீளும் மூன்று பிரதிக்குக் கீழே இறங்கிவிடும். பாரிட்டியைக் கூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: போன மாதம் ஒரு டிஸ்க் செத்தபோது மீட்பு முடிய எத்தனை மணி நேரம் ஆனது?

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. டிஸ்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாகும் என்று நினைத்துப் பெருக்கியிருக்கிறோம். அம்பத்தூரில் இருப்பவர்களுக்கு அது அப்படியில்லை என்று தெரியும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தொழிற்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்று, சிறு தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். எங்கள் ரேக்குகள் மேல் தளத்தில் இருந்தன, அவற்றுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு சர்வரின் மதர்போர்டு போய்விட்டது. சாதாரண நாளாக இருந்தால் சப்ளையர் குடோனிலிருந்து மறுநாளே போர்டு வந்திருக்கும். அன்று வண்டி வர வழியில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் போர்டு வந்தது.

அந்தச் சர்வர், ஒரு ஸ்கேன் சென்டரின் படங்களை வைத்திருந்த அமைப்பைச் சேர்ந்தது, அதில் செஃப் மென்பொருள் ஓடியது. ஆறு சர்வர், ஒவ்வொன்றிலும் 8 டிபி டிஸ்க் பன்னிரண்டு. படங்கள் எல்லாம் 4+2 பூலில். எந்தப் படம் எந்தப் பக்கெட்டில் இருக்கிறது என்று சொல்லும் இண்டெக்ஸ் மட்டும் மூன்று பிரதி. இண்டெக்ஸ் சேமிக்கும் வகையை செஃப்பின் துண்டு பூல்கள் ஏற்காது என்பதால் அதைப் பிரதியாகத்தான் வைக்க முடியும். இரண்டு பூல்களுமே, ஒரு சர்வரில் ஒரு கோப்பின் ஒரு துண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதியோடு அமைக்கப்பட்டிருந்தன. விதி சரியானதுதான்:

```
ceph osd erasure-code-profile set ec42 k=4 m=2 crush-failure-domain=host
```

சர்வர் விழுந்து பத்து நிமிடம் கழித்து, அது திரும்பாது என்று முடிவு கட்டி, செஃப் மீட்பைத் தொடங்கியது. இண்டெக்ஸ் பூல், காணாமல் போன பிரதிகளை மிச்சமிருந்த ஐந்து சர்வர்களில் உண்டாக்கிக்கொண்டு சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிட்டது. 4+2 பூல் அசையவே இல்லை. திரையில் எல்லா வரியிலும் `active+undersized+degraded` என்று நின்றது. மணிக்கணக்காகப் பார்த்தும் மீட்பு எண் நகரவில்லை.

ஏன் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. துண்டுகள் ஆறு, சர்வர்கள் ஆறு. ஒவ்வொரு படத்தின் துண்டும் ஒவ்வொரு சர்வரிலும் இருக்கிறது. ஒரு சர்வர் போனதும் ஆறாவது துண்டை வைக்க விதிப்படி ஆறாவது வீடு இல்லை. டிஸ்குகளில் இடம் தாராளமாகக் கிடந்தது, ஆனால் அதெல்லாம் ஏற்கெனவே ஒரு துண்டு வைத்திருக்கும் சர்வர்களில். எனவே அந்தக் கணம் முதல் போர்டு வரும் வரை, எங்களிடம் இருந்த ஒவ்வொரு படமும் ஐந்து துண்டோடுதான் நின்றது. பிரதி பூலில் பாதிச் சரக்குக்குத்தான் பாதிப்பு, அதற்கும் புது இடம் கிடைத்தது. இங்கே முழுச் சரக்கும் ஒரே நேரத்தில் ஒரு படி இறங்கியது, மீட்பு நேரம் என்பதோ மழை விடும் நேரமாகிவிட்டது. காகிதத்தில் ஒரு நாள் என்று போட்டிருந்த எண் அங்கே எதையும் குறிக்கவில்லை.

அந்த நிலையில் மிச்ச சர்வர்களில் ஒரு டிஸ்க் செத்திருந்தால் என்ன ஆகும்? அதன் துண்டுகளை அதே சர்வரின் மற்றப் பதினொரு டிஸ்குகளில் மீட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் மீளும் வரை அந்தப் படங்களுக்கு நாலு துண்டுதான். நாலு இருந்தால் கோப்பு தொலையவில்லை, கணக்குப்படி முழுதாக மீட்கலாம். ஆனாலும் செஃப் அதைத் திறந்து கொடுக்காது. நாலு துண்டில் ஒரு புதிய எழுத்து நடந்து, அதில் ஒன்று போனால் மீள வழியே இல்லை என்பதால், k+1 துண்டாவது இருந்தால்தான் படிக்கவும் எழுதவும் விடும். `min_size` என்பது அந்த எல்லை, இங்கே ஐந்து. இதைக் குறைத்து நாலாக்கிவிட்டால் படம் திறக்கும், பல பேர் அவசரத்தில் அப்படிச் செய்வார்கள். அந்த நேரத்தில் எழுதப்படுவது எந்தத் துணையும் இல்லாமல் எழுதப்படுகிறது என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. 2020-இல் வந்த ஆக்டோபஸ் பதிப்பு முதல், k துண்டு இருந்தாலே மீட்பு வேலையை மட்டும் செஃப் தொடர்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் மீட்புக்கும் `min_size` வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிடும், அந்த எல்லையைக் குறைப்பது தவிர வேறு வழி இருக்காது.

ஸ்கேன் சென்டர் தரப்பில் கணினி வேலையைப் பார்க்கும் அம்மா அன்று சாயங்காலம் போனில் கேட்டார்: "சார், படம் இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." இருக்கிறது, திறக்கவும் திறக்கிறது, இன்னொரு டிஸ்க் போனால் சில படங்கள் கொஞ்ச நேரம் திறக்காது, ஆனால் தொலையாது என்று சொன்னேன். அவர் அவசரக் கேஸ்களின் பட்டியலைக் கொடுத்தார். அந்தப் படங்களை மட்டும் எடுத்து மூன்று பிரதி பூல் ஒன்றில் தனியாக எழுதி வைத்தோம். ஐந்து சர்வரிலும் அது உடனே முழுமையாக நிற்கும் என்பதால் அதுதான் அந்த நேரத்துக்கு ஏற்ற வழி. டிஸ்க் எதுவும் சாகவில்லை. போர்டு வந்ததும் சர்வர் எழுந்து, இடையில் மாறியவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு சேர்ந்துவிட்டது.

ஆகவே 4+2 என்று ஒருவர் சொன்னால், எத்தனை சர்வரில் என்று கேட்க வேண்டும். ஆறில் வைத்தால் அது இரண்டு இழப்பைத் தாங்கும், ஆனால் தானாக ஆறாது. ஏழாவது சர்வர் ஒன்று இருந்தால் துண்டுகள் அங்கே போய் உட்கார்ந்து, உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கும் நேரம் பாதுகாப்புக் கணக்கிலிருந்தே விலகிவிடும். வெறும் இடம் மட்டும் இருந்தால் போதாது, தனி வீடாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் ஏழாவது சர்வரை எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள், "சும்மா நிக்குதே" என்பார்கள். அது சும்மா நிற்கவில்லை, மற்ற ஆறைப் போலவே துண்டுகளைத் தாங்குகிறது. ஒன்று விழுந்தாலும் ஆறு வீடு மிச்சமிருப்பதற்கான விலைதான் அது.

இதற்கு மாற்றாக விதியையே தளர்த்தி, `crush-failure-domain=osd` என்று போட்டு, ஒரே சர்வருக்குள் இரண்டு மூன்று துண்டு விழலாம் என்று விடுபவர்களும் உண்டு. நாலே சர்வரை வைத்துக்கொண்டு 8+3 என்று விலைப்பட்டியலில் எழுதுவது அப்படித்தான். பதினொரு துண்டை நாலு சர்வரில் எவ்வளவு சமமாகப் பிரித்தாலும் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்றுதான் வரும். விதி தளர்ந்திருந்தால் சமமாகக்கூட வராது, ஒன்றில் நாலு விழலாம். அந்தச் சர்வர் போனால் மூன்று பாரிட்டியும் உதவாது. டிஸ்க் சாவுக்கு 3,800 கோடியில் ஒன்று என்று போட்ட கணக்கு, ஒரு பவர் சப்ளையின் ஆயுளுக்கு இறங்கிவிடும்.

துண்டுமுறை சிக்கனம் என்பதும் எல்லாக் கோப்புக்கும் பொருந்தாது. 2021-இல் பசிபிக் பதிப்பு வரும் வரை, செஃப் சாதாரண டிஸ்கில் மிகக் குறைந்தது 64 கேபி அளவில்தான் இடம் ஒதுக்கும். 10 கேபி அளவுள்ள ஒரு சிறு ரசீதை 4+2-இல் வைத்தால் ஆறு துண்டுக்கும் ஆறு 64 கேபி, மொத்தம் 384 கேபி. மூன்று பிரதியில் 192 கேபி. பாதி மிச்சம் என்று நினைத்துப் போட்ட இடத்தில் இரு மடங்கு செலவு. பசிபிக்கில் அது 4 கேபி ஆனது. ஆனால் பழைய டிஸ்குகள் தாம் உருவான அன்றைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும், அழித்துப் புதிதாக உண்டாக்கினால்தான் மாறும். அதனால் மென்பொருளை மேம்படுத்திவிட்டோம் என்று சொல்பவர்களிடமும் டிஸ்க் எப்போது உருவாக்கியது என்று கேட்டுவிடுவேன். சிறு கோப்புகள் நிறைய உள்ள வாடிக்கையாளருக்கு இன்றும் நான் பிரதியைத்தான் பரிந்துரைக்கிறேன்.

மீட்பின்போது படிக்க வேண்டிய சுமையைக் குறைக்கத்தான் இந்தத் துறையின் நல்ல மூளைகள் உழைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் அஷ்யூரில் 2012-இல் விளக்கிய முறையில் பன்னிரண்டு துண்டுகளை ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் சொந்தமாக ஒரு பாரிட்டி, பொதுவாக இரண்டு பாரிட்டி என்று வைத்தார்கள். ஒன்று போனால் பன்னிரண்டைத் தேடாமல் தன் பாதியில் ஆறைப் படித்தால் போதும். நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. விஜய் குமாரின் குழு, வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, கிளே கோடு என்ற முறையை 2018-இல் வெளியிட்டது. 2019-இல் நாட்டிலஸ் பதிப்பில் அது செஃப்புக்குள்ளேயே வந்தது. அதில் உதவும் ஒவ்வொரு சர்வரும் தன் துண்டை முழுதாக அனுப்பாமல் ஒரு பகுதியை மட்டும் அனுப்பும். 4+2-இல் ஒன்று போனால் மிச்ச ஐந்தும் ஆளுக்குப் பாதித் துண்டு, ஆக இரண்டரைத் துண்டு. சாதாரண முறையில் நாலு. பாரிட்டி கூடுவதில்லை, டிஸ்க் கூடுவதில்லை, மீட்பு நேரத்தில் மட்டும் வித்தியாசம். எந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்று அவர்கள் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும்.

ஆனால் எந்தக் கோடும் ஒரே கட்டிடத்துக்குள் இருக்கும் வரைக்கும்தான். ஃபேஸ்புக் 2014-இல் எஃப்4 பற்றி எழுதியபோது, ஒரு டேட்டா சென்டருக்குள் 10+4 துண்டும், வெவ்வேறு ஊர்களுக்கு இடையே தனி பாரிட்டியும் வைத்ததைச் சொன்னது. பழைய முறையில் ஒரு கோப்புக்கு 3.6 மடங்கு இடம், புதியதில் 2.1 மடங்கு. அவர்களிடம் மூன்று ஊர்கள் இருந்தன. சிறிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது, ஒரு ஊரில் துண்டும் இன்னொரு ஊரில் முழுப் பிரதியும் வைத்தாலே போதும். அந்த இன்னொரு ஊர் சிறுசேரி இல்லை என்பதை மட்டும் வாடிக்கையாளர்களிடம் வலியுறுத்துகிறேன். அம்பத்தூரைத் தொடும் புயல் சிறுசேரியையும் தொடும். ஹைதராபாத்தோ மும்பையோ இருந்தால், கணக்கில் பெருக்கும் எண்கள் உண்மையிலேயே தனித்தனி எண்கள்.

இப்போது புதிதாக ஒரு அமைப்புக்கு விலை கேட்டால் நாங்கள் எழுதிக் கொடுப்பது இதுதான். பெரிய கோப்புகளுக்கு 4+2, குறைந்தது ஏழு சர்வர். இண்டெக்ஸும் சிறு கோப்புகளும் மூன்று பிரதி. ஒரு முழு சர்வரின் சரக்கை மற்றவை ஏற்கும் அளவுக்கு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அதாவது ஏழில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக நிரப்பாமல் விட வேண்டும். வெளியூரில் ஒரு பிரதி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் ஒரு நாள், வாடிக்கையாளர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சர்வரின் கரண்டைப் பிடுங்கிவிட்டு, எல்லா வரியும் `active+clean` என்று திரும்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அவரையே குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒப்பந்தத்தில் ஒன்பதுகளுக்குப் பக்கத்தில் அந்த மணி நேரத்தையும் எழுதிவிடுகிறோம்.